6 கிகாஹெர்ட்ஸ் வைஃபை: எட்டும் தூரமும் பயன்பெறும் வீடுகளும்

6 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை என்பது வைஃபை 6இ, வைஃபை 7 ஆகிய தலைமுறைகளைச் சேர்ந்த புதிய ரவுட்டர்கள் பயன்படுத்தும் மூன்றாவது வானொலி அலைப்பகுதி ஆகும். இதற்கு முன் வீட்டு ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பகுதிகளிலேயே இயங்கின. புதிய பகுதியில் வேகம் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் அலை எட்டும் தூரமும் குறைவு. இந்தியாவில் இதன் கீழ்ப்பகுதி உரிமம் தேவைப்படாத பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டிருப்பதால், பெரிய நகரங்களில் மட்டுமின்றி பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களிலும் இவ்வகை ரவுட்டரை வாங்கலாமா என்ற கேள்வி எழுகிறது. செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் கொண்ட இம்மாவட்ட வீடுகளில் 6 கிகாஹெர்ட்ஸ் எப்படி நடந்துகொள்கிறது, எந்த வீட்டுக்கு அது உண்மையில் உதவுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

## இந்தியாவில் திறக்கப்பட்ட பகுதி

அமெரிக்கா 2020 ஏப்ரலில் 5925 முதல் 7125 மெகாஹெர்ட்ஸ் வரையான 1200 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் வைஃபைக்குத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் 5945 முதல் 6425 வரையான பகுதியை மட்டும் திறந்தது. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வரைவு விதிகளை வெளியிட்டு, 2026 ஜனவரியில் இறுதி விதிகளை அறிவித்தது. அதன்படி 5925 முதல் 6425 வரையான 500 மெகாஹெர்ட்ஸ் இந்தியாவில் திறக்கப்பட்டுள்ளது. அதற்கு மேலுள்ள பகுதி வைஃபைக்கு இல்லை.

இந்த அளவு வேறுபாடு வாங்குபவரைப் பாதிக்கும். வைஃபை தன் அலைப்பகுதியைச் சேனல்களாகப் பிரித்துக்கொள்கிறது. சேனல் எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகம். இந்தியாவில் திறக்கப்பட்ட பகுதிக்குள் 160 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல்கள் மூன்று அடங்கும். வைஃபை 7 ரவுட்டர்களின் பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் ஒன்றே ஒன்றுதான் அடங்கும். அடுத்தடுத்த இரண்டு வீடுகள் 320 அகலத்தில் ஓட்டினால், அவை ஒன்றன்மேல் ஒன்று விழும். அமெரிக்க இணையதளங்களில் வரும் வேகச் சோதனைகளை அப்படியே இங்கு எதிர்பார்க்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

விதிகள் இரண்டு வகைப் பயன்பாட்டை அனுமதிக்கின்றன. முதல் வகை, கட்டடத்துக்குள் மட்டும் இயங்கும் குறைந்த சக்திக் கருவி. வீட்டு ரவுட்டர் இந்த வகையைச் சேர்ந்தது. இரண்டாவது, வெளியிலும் இயங்கக்கூடிய மிகக் குறைந்த சக்திக் கருவி. இதன் உச்ச வரம்பு 14 டிபிஎம், அதாவது 25 மில்லிவாட் மட்டுமே. கைபேசிக்கும் அதன் அருகிலுள்ள கண்ணாடி, காதணிக் கருவி போன்றவற்றுக்கும் இடையிலான சிறு தொலைவுக்கே அது போதும்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. 5925 முதல் 6425 வரையான பகுதி, தரையிலிருந்து செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்ப நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. கோடிக்கணக்கான ரவுட்டர்கள் வானை நோக்கி அலை வீசினால் அந்தச் சேவைகளுக்கு இடையூறு நேரும். வீட்டின் சுவரும் கூரையும் அலையைத் தடுத்து நிறுத்தும் என்று நம்பியே ‘கட்டடத்துக்குள் மட்டும்’ என்ற நிபந்தனை வைக்கப்பட்டது. மாடி அறைக்கு வைஃபை வரவில்லை என்று வருத்தப்பட வைக்கும் அதே கான்கிரீட் தளத்தை நம்பித்தான் இந்த அலைப்பகுதியே திறக்கப்பட்டிருக்கிறது.

## தூரம் ஏன் குறைகிறது

அதிர்வெண் கூடினால் தூரம் குறையும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். 2.4 கிகாஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் அது சரி. திறந்த வெளியில் 2.4ஐ விட 6 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுமார் 8 டெசிபெல் கூடுதல் இழப்பு ஏற்படுகிறது. டெசிபெல் கணக்கில் 3 குறைந்தால் சக்தி பாதியாகிறது. 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகிறது. ஆகவே 8 என்பது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைவதற்குச் சமம்.

ஆனால் 5 கிகாஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் இந்த விளக்கம் போதாது. 5.5க்கும் 6.1க்கும் இடையே திறந்த வெளி இழப்பில் ஒரு டெசிபெல்தான் வேறுபாடு. சுவரிலும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனாலும் நடைமுறையில் 5 எட்டும் அறைக்கு 6 எட்டாமல் போவதுண்டு. அதற்கு வேறு இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, சக்தி வரம்பு. உள்ளரங்க ரவுட்டருக்கான வரம்பு இரண்டு விதமாக வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் 11 டிபிஎம் என்பது ஒன்று. மொத்தமாக 30 டிபிஎம், அதாவது ஒரு வாட், என்பது மற்றொன்று. சேனல் 80 மெகாஹெர்ட்ஸ் அகலமாகும்போதே மொத்த வரம்பு தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் அகலப்படுத்தினால் அதே சக்தியை அதிக இடத்தில் பரப்ப வேண்டியிருக்கிறது. ஒரு குடம் தண்ணீரை ஒரு பாத்திக்குப் பாய்ச்சுவதற்கும் நான்கு பாத்திக்குப் பாய்ச்சுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

இரண்டாவது, இரைச்சல். சேனலின் அகலம் இரட்டிப்பானால் ரவுட்டரின் காதில் விழும் இயற்கையான இரைச்சலும் இரட்டிப்பாகிறது, அதாவது 3 டெசிபெல் கூடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் வீடுகள் பெரும்பாலும் 80 மெகாஹெர்ட்ஸ் சேனலில் இயங்குகின்றன. 6இல் 160 வழக்கம். இப்படி அதிர்வெண்ணால் இரண்டு, இரைச்சலால் மூன்று எனச் சேர்ந்தால் ஐந்து ஆறு டெசிபெல் பின்னடைவு ஏற்படுகிறது. திறந்த வெளியில் 6 டெசிபெல் என்பது தூரம் பாதியாவதற்குச் சமம்.

## ஒரு வீட்டின் கணக்கு

பெரம்பலூர் நகரின் விரிவாக்கப் பகுதிகளிலும் அரியலூரின் புதிய நகர்களிலும் பரவலாகக் காணப்படும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். கீழே கூடம், இரண்டு அறைகள், பின்கட்டில் சமையலறை. சுவர்கள் ஒன்பது அங்குலச் செங்கல், இருபுறமும் சிமெண்டுப் பூச்சு. மேலே ஐந்து அங்குலக் கம்பி கட்டிய கான்கிரீட் தளம், அதன்மேல் ஒரு மாடி அறை. கூடத்தில் தொலைக்காட்சிக்கு அருகில் ரவுட்டர் இருக்கிறது. அது 24 டிபிஎம், அதாவது 250 மில்லிவாட் சக்தியில் 160 மெகாஹெர்ட்ஸ் சேனலில் அலை வீசுகிறது என்று கொள்வோம்.

6 கிகாஹெர்ட்ஸ் அலை முதல் ஒரு மீட்டரிலேயே 48 டெசிபெல் இழக்கிறது. அதன் பிறகு தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 இழக்கிறது. ஒரு செங்கல் சுவருக்கு 9, கான்கிரீட் தளத்துக்கு 20 என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி அமைகிறது.

கூடத்தில் 4 மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரின் கைபேசிக்கு −36 டிபிஎம் கிடைக்கிறது. இது மிக வலுவான சமிக்ஞை. ஒரு சுவர் தாண்டி 7 மீட்டரில் உள்ள அறையில் −50 கிடைக்கிறது. இதுவும் நல்ல நிலையே. இரண்டு சுவர் தாண்டி 10 மீட்டரில் உள்ள சமையலறையில் −62 வருகிறது. பீரோ, கையில் பிடித்திருக்கும் விதம், இடையில் நிற்கும் ஆள் எல்லாவற்றுக்கும் ஐந்து கழித்தால் −67 ஆகிறது. மாடி அறை 5 மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் தளமும் ஒரு சுவரும் குறுக்கே வருவதால் −67, ஐந்து கழித்தால் −72.

160 மெகாஹெர்ட்ஸ் சேனலில் −50 வரை முழு வேகத்தை நெருங்கலாம். −65ஐ ஒட்டி வேகம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. −75ஐ நெருங்கும்போது இணைப்பு தள்ளாடத் தொடங்குகிறது. மாடி அறையில் சிக்கல் இன்னும் மோசமாவது எதிர்த்திசையில்தான். கைபேசியின் சக்தி ரவுட்டரைவிடக் குறைவு. அது 15 டிபிஎம்மில் பேசினால் ரவுட்டருக்குக் கேட்பது −81 மட்டுமே. திரையில் இரண்டு கோடு தெரியும்; காணொளி அழைப்பில் எதிரே இருப்பவர் பேசுவதும் கேட்கும்; ஆனால் இங்கிருந்து பேசுவது அங்கே அறுந்து அறுந்து போகும். மாடியில் 6 கிகாஹெர்ட்ஸ் பொருந்தவில்லை என்பதற்கு இது முதல் அடையாளம்.

அதே மாடி அறையில் அதே சக்தியோடு 2.4 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் −52 கிடைத்திருக்கும். 20 டெசிபெல் வேறுபாடு, அதாவது நூறு மடங்கு சக்தி. இதில் பாதிப் பங்கு கான்கிரீட்டுடையது. 2.4இல் ஏறத்தாழ 10 டெசிபெல் விழுங்கும் தளம் 6இல் அதைப்போல் இரு மடங்கு விழுங்குகிறது. செங்கல் அவ்வளவு பாகுபாடு காட்டுவதில்லை. ஆகையால் ஒரே தளத்தில் பரந்திருக்கும் வீட்டைவிட, மாடி வைத்துக் கட்டிய சிறிய வீட்டில்தான் 6 கிகாஹெர்ட்ஸ் அதிகம் திணறுகிறது.

இந்த எண்கள் சுவரின் ஈரம், கம்பியின் நெருக்கம், ரவுட்டரின் இடம் ஆகியவற்றைப் பொறுத்துச் சில டெசிபெல் மாறலாம். அறைகளுக்கு இடையிலான வரிசை மட்டும் மாறுவதில்லை.

## வேகம் எங்கே முட்டுகிறது

இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 6 தலைமுறைக் கைபேசி, 80 மெகாஹெர்ட்ஸ் சேனலில் நொடிக்கு 1201 மெகாபிட் இணைப்பு வேகம் காட்டும். 160இல் அது 2402 ஆகும். உண்மையில் கோப்பு நகரும் வேகம் இதில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் இருக்கும். அதாவது நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பே கூடத்தில் 700 மெகாபிட்டுக்கு மேல் தரவல்லது.

வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பு 100 மெகாபிட் திட்டத்தில் இருந்தால், 6 கிகாஹெர்ட்ஸ் அதை 101 ஆக்காது. பழைய வாய்க்காலில் வரும் தண்ணீரின் அளவுதான் வயலுக்குப் பாயும். மடையை அகலப்படுத்துவதால் பயனில்லை. சில வீடுகளில் திட்டம் 200 அல்லது 300 மெகாபிட்டாக இருந்தும் 95க்கு மேல் ஏறுவதில்லை. ஃபைபர் பெட்டியிலோ ரவுட்டரிலோ உள்ள லேன் துளை 100 மெகாபிட் வகையாக இருப்பது, அல்லது இடையிலுள்ள கேபிளில் எட்டுக் கம்பிகளில் நான்கு மட்டும் இணைந்திருப்பது இதற்குக் காரணம். அந்த வீட்டில் மாற்ற வேண்டியது பெட்டியையோ கேபிளையோதான்.

இதை வாங்கும் முன்பே கண்டறியலாம். மடிக்கணினியை லேன் கேபிளால் ரவுட்டரோடு இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். அதுவே அந்த வீட்டின் உச்ச வரம்பு. பிறகு கேபிளை எடுத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸில் அளக்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் 6 கிகாஹெர்ட்ஸால் அந்த இடத்தில் எந்த லாபமும் இல்லை. கூடத்தில் ஒன்றாக இருந்து மாடியில் மட்டும் குறைந்தால், குறை தூரத்தில் இருக்கிறது. அதற்கும் 6 மருந்தல்ல. ரவுட்டருக்கு அருகிலேயே, இரவு எட்டு மணியளவில் மட்டும் வைஃபை வேகம் கேபிள் வேகத்தைவிட மிகவும் குறைந்தால்தான் நெரிசல் என்று பொருள். அந்த இடத்தில்தான் 6 கிகாஹெர்ட்ஸ் கைகொடுக்கும்.

## பயன்பெறும் வீடுகள்

6 கிகாஹெர்ட்ஸின் பெரிய வலிமை, அங்கே பழைய கருவிகள் யாவும் இல்லாததே. சென்னையின் அடுக்குமாடி ஒன்றில் இருபது முப்பது ரவுட்டர்களின் பெயர் கைபேசியில் தெரியும். அங்கே ஒவ்வொரு ரவுட்டரும் அடுத்தது பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறது. சுவரைத் தாண்டாத குணமே அங்கு நன்மையாகிறது, ஏனெனில் அண்டை வீட்டு அலையும் உள்ளே வருவதில்லை.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பெரும்பாலான வீடுகள் தனி வீடுகள். வேப்பந்தட்டை அல்லது செந்துறைப் பக்கத்துக் கிராமத்தில் 5 கிகாஹெர்ட்ஸிலேயே இரண்டு மூன்று அயல் ரவுட்டர்கள்தான் தெரியும். அங்கே தப்பி ஓட வேண்டிய கூட்டமே இல்லை. ஓட்டு வீடு, திண்ணை, முற்றம், கொல்லை எனப் பரந்த வீட்டுக்கு 2.4உம் 5உம் போதுமானவை. கிணற்று மோட்டார் கொட்டகையில் கண்காணிப்புக் கேமரா வைக்க விரும்புவோர் 6 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டரை மொட்டை மாடியில் ஏற்றுவது விதிக்கும் முரணானது, பயனும் அற்றது. அதற்கு 5 கிகாஹெர்ட்ஸில் நேருக்கு நேர் பார்க்கும் வெளிப்புற ஆன்டெனா இணையே பொருத்தம்.

இம்மாவட்டங்களிலும் பயன்பெறும் இடங்கள் சில உண்டு. கல்லூரிகளைச் சுற்றியுள்ள மாணவர் விடுதிகளிலும், அறைக்கு ஒரு ரவுட்டராக வரிசையாகக் கட்டிய வாடகைக் குடியிருப்புகளிலும், சிமெண்டு ஆலைப் பணியாளர் குடியிருப்பு போன்ற நெருங்கிய வீடுகளிலும் நெரிசல் உண்மையானது. அறைகள் சிறியவை என்பதால் தூரமும் தடையாகாது. திருமணக் காணொளித் தொகுப்பகம் போன்ற, பெரிய கோப்புகளை ஒரே அறையில் சேமிப்புக் கருவிக்கும் மடிக்கணினிக்கும் இடையே நகர்த்தும் இடமும் பயன்பெறும், ஏனெனில் அங்கே இணையத் திட்டத்தின் வேகம் குறுக்கிடுவதில்லை. 500 மெகாபிட் அல்லது அதற்கு மேற்பட்ட திட்டம் எடுத்து, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே வேலை செய்பவர் மூன்றாவது வகை.

மாடி வீட்டுக்காரருக்கு மலிவான தீர்வு வேறு. தளத்தின் குழாய் வழியே ஒரு கேட்6 கேபிளை மேலே கொண்டுபோய் இரண்டாவது ரவுட்டரை அணுகல் முனையாக வைப்பதே அது. அந்தக் கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட்டைக் குறையாமல் கடத்தும். கீழும் மேலும் இப்படி இணைத்த பிறகு வேண்டுமானால் ஒவ்வொரு தளத்திலும் 6 கிகாஹெர்ட்ஸைச் சேர்க்கலாம்.

## வாங்கும்போதும் வாங்கிய பின்னும்

வைஃபை 7 என்று எழுதியிருப்பதால் மட்டும் ஒரு ரவுட்டரில் 6 கிகாஹெர்ட்ஸ் இருப்பதாகாது. 2.4, 5 ஆகிய இரண்டில் மட்டும் இயங்கும் வைஃபை 7 ரவுட்டர்களும் விற்பனைக்கு வருகின்றன. மூன்று பேண்ட் என்று அச்சிட்டிருந்தாலும் அது 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு முறை எண்ணப்பட்டதாக இருக்கலாம். விவரக்குறிப்பில் 6 கிகாஹெர்ட்ஸ் என்று தனியே குறிப்பிட்டிருக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் ரவுட்டர், அந்நாட்டு அலை வரம்பிலேயே இயங்கக்கூடும். அமெரிக்க அமைப்பில் அது 6425க்கு மேலுள்ள சேனலைத் தேர்ந்தெடுத்தால் இந்திய விதிக்கு மாறாகும். இந்தியாவுக்காக விற்கப்பட்ட கைபேசியும் அந்தச் சேனலைக் காணாது.

கைபேசியும் மடிக்கணினியும் 6 கிகாஹெர்ட்ஸை ஏற்பவையாக இருக்க வேண்டும். ஐஃபோனில் 15 ப்ரோ மாதிரியிலிருந்துதான் இந்த வசதி வந்தது. மடிக்கணினியில் விண்டோஸ் 11 தேவை. வன்பொருள் இருந்தாலும் விண்டோஸ் 10 இதை ஆதரிப்பதில்லை. மேலும் 6 கிகாஹெர்ட்ஸில் WPA3 பாதுகாப்பு கட்டாயம். ரவுட்டரில் பழைய WPA2 மட்டும் தேர்வாகி இருந்தால், 6 கிகாஹெர்ட்ஸ் வலைப்பெயர் தோன்றாமல் போகலாம். பழுதென்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

மடிக்கணினி உண்மையில் எந்தப் பகுதியில் இணைந்திருக்கிறது என்பதை விண்டோஸ் 11இன் கட்டளைத் திரையில் அறியலாம்:

```
netsh wlan show interfaces
```

வரும் விடையில் `Band` என்ற வரியில் 6 GHz என்று இருக்க வேண்டும். `Channel` எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. 6 கிகாஹெர்ட்ஸிலும் எண்கள் 1இலிருந்தே தொடங்குவதால், சேனல் 5 என்பது இரண்டு பகுதிகளிலும் இருக்கிறது. `Receive rate`, `Transmit rate` ஆகிய இரண்டையும் கூடத்திலும் அறையிலும் மாடியிலும் குறித்துக்கொண்டால், மேலே கண்ட கணக்கு அந்த வீட்டில் எப்படி இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மாடியில் `Band` வரி தானாகவே 5க்கோ 2.4க்கோ மாறியிருந்தால் ரவுட்டர் சரியாகவே வேலை செய்கிறது. அந்த இடம் 6 கிகாஹெர்ட்ஸின் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்பதே அதன் பொருள்.